ஆ பிரிவு, எண் 19

சென்ற செப்டம்பரில் எங்கள் கடலூர்ப் பள்ளியின் 1995 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. பள்ளிக் கட்டடத்தின் பழைய படம், அதன்மேல் பறவைகள், ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு. நடுவில் தங்க நிற எழுத்தில் ‘முப்பதாம் ஆண்டுச் சங்கமம்’. கீழே நான் எழுதிக் கொடுத்த வாசகம். வேப்பமரத்தடியில் தொடங்கி, மணிச் சத்தம், சுண்ணாம்புக் கட்டி, இலந்தைப் பழம் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு பதினெட்டாவது வரியில்தான் தேதிக்கு வந்து சேர்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் நாற்பது இதயங்கள், இருபது கைகூப்புதல்கள். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு செகந்திராபாத்தில் இருக்கும் நண்பன் அழைத்தான். “சந்திப்பு சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?” என்று கேட்டான். ஞாயிறு என்றேன். “போஸ்டரில் 28 டிசம்பர், சனிக்கிழமை என்று இருக்கிறதே. தேதி சரியா, கிழமை சரியா?”

28.12.2025 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் போஸ்டரைச் செய்து கொடுத்தவன் திருப்பாதிரிப்புலியூரில் அச்சகம் வைத்திருக்கும் வகுப்புத் தோழன். அவன் கடைச் சுவரில் 2024ஆம் ஆண்டின் நாட்காட்டியை இன்னும் கழற்றவில்லை. முருகன் படம் நன்றாக இருந்ததாம். அந்த ஆண்டில் டிசம்பர் 28 சனிக்கிழமைதான். அவன் பார்த்தது தப்பில்லை, பார்த்த ஆண்டுதான் தப்பு. நானோ மொத்த வாசகத்தையும் மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் இலந்தைப் பழத்துக்கு ஒற்று மிகுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் போஸ்டர் நான்கு குழுக்களுக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்தப் பதினைந்து நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்துக்குள் திருத்தினாலும் மற்றவர்கள் முன்னனுப்பிவிட்ட நகல்கள் திருந்துவதில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தையோ திருத்தவே வழியில்லை. நவம்பர் மாதம் வரையில் அந்தச் சனிக்கிழமைப் போஸ்டர் எங்கிருந்தாவது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் கைகூப்புவார்.

அன்றிலிருந்து அந்த அறிவிப்பை அடியோடு மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம்கூட வராத வாசகம். அதை முடிக்க எனக்கு இரண்டு வாரமும், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஐந்தாறு பஸ் பயணமும் ஆயின. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஆண்டு 1996 பேட்ச்காரர்கள் இரண்டு பேர் எங்கள் வாசகத்தைக் கேட்டார்கள். வாசகத்தை மட்டும் கொடுத்தால் அதில் ஏன் பைசா கணக்கு வருகிறது என்று புரியாது.

தேதியிலிருந்து தொடங்குகிறேன். முதலில் நாங்கள் பேசிக்கொண்ட நாள் 28 இல்லை, 26. கிறிஸ்துமஸ் வியாழன், அடுத்த நாள் வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு. பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. சிங்கப்பூரில் இருப்பவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் ஊரில் இருப்பார்கள். 26 அன்று சந்தித்துவிட்டால் அதற்குப் பிறகு இரண்டு நாள் உறவினர் வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று கணக்கு. எல்லோரும் சரி என்றார்கள். தேவனாம்பட்டினத்துக்காரன் ஒருவன் மட்டும் குழுவில் எதுவும் சொல்லாமல் எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினான். “அன்றைக்கு எங்கள் ஊரில் கடலில் பால் ஊற்றுவார்கள். நான் வர முடியாது. நீங்கள் நடத்துங்கள்.”

2004 டிசம்பர் 26. அன்றும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலூரில் பிறந்து வளர்ந்து, அந்தத் தேதியைப் பந்தல் போட்டுப் பாட்டுப் பாடும் நாளாக எழுதியிருக்கிறோம் என்பதை நினைத்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்கள் மறந்தார்கள் என்றால் ஒரு காரணம் உண்டு. நான் இருப்பது இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி. குழுவில் காரணம் சொல்லாமல் “மண்டபம் கிடைக்கவில்லை, 28க்கு மாற்றுகிறோம்” என்று மட்டும் போட்டேன். ஊர்க்காரர்கள் சிலருக்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஆடி மாதமும் பேச்சில் இருந்தது. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் மண்டபக்காரர் இறங்கி வருவார். எங்களுக்குச் சொன்ன வாடகை தை மாதத்து விலையில் பாதிக்கும் கீழே. அந்த வகையில் ஆடியும் மார்கழியும் ஒன்றுதான். ஆடியில் மழைப் பயம் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் வர முடியாது. மார்கழியில் அவர்கள் வருவார்கள், மழையும் வரலாம். கடலூர்க்காரனுக்கு டிசம்பர் கடைசி வாரத்து வானத்தை நம்பச் சொல்லித் தர வேண்டியதில்லை. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். ஆகவே திறந்தவெளி, கடற்கரை, தோப்பு என்ற ஆசைகளையெல்லாம் விட்டுவிட்டு மஞ்சக்குப்பத்தில் கூரை உள்ள மண்டபமாகவே பிடித்தோம். மார்கழி என்பதால் சாப்பாடு முழுக்கச் சைவம் என்று முடிவாகிவிட்டது. பாதிப் பேர் விரதம், சிலர் ஐயப்பன் மாலை. இல்லாவிட்டால் அந்த ஒரு விஷயத்துக்கே இரண்டு வாரம் சண்டை நடந்திருக்கும்.

அறிவிப்பு எப்போது போக வேண்டும் என்பதை ரயில் முடிவு செய்தது. இப்போதெல்லாம் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. டிசம்பர் 27 பயணத்துக்கு அக்டோபர் 28 காலை எட்டு மணிக்குத் திறக்கும். விடுமுறைக் கால டிக்கெட் என்றால் எட்டேகாலுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான். எனவே சரியான தேதி அக்டோபர் நடுவுக்குள் எல்லோருடைய கைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சனிக்கிழமைப் போஸ்டரைப் பார்த்து வெள்ளி இரவு பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ரத்துக் கட்டணத்தை அச்சகத்துக்காரன் தன் கைக்காசில் கொடுத்தான். நாட்காட்டியையும் கழற்றிவிட்டான்.

அடுத்தது பணம்.

முதல் அறிவிப்பில் ‘பங்குத்தொகை ரூ.1,500, அதற்கு மேல் தங்கள் விருப்பம்’ என்று இருந்தது. 1,500 எப்படி வந்தது என்று கேட்டால் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் அப்படித்தான் வாங்கினார்களாம். எங்கள் பொருளாளர் வங்கியில் வேலை பார்ப்பவள். வகுப்பில் கணக்கு நோட்டைக் கடன் கொடுக்காதவள் என்று பெயர் எடுத்தவள். அவள் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம், யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு: மண்டபமும் மின்சாரமும் துப்புரவும் 27,000, ஒலிபெருக்கி 7,000, புகைப்படக்காரர் 14,000, பேனர், பெயர் அட்டை 4,000, எட்டு ஆசிரியர்களை காரில் அழைத்து வந்து சால்வை போட்டு நினைவுப் பரிசும் சாப்பாடும் கொடுத்துத் திரும்பக் கொண்டுவிட 20,000. ஆக 72,000. வலது பக்கம், ஒரு ஆள் கூடினால் கூடும் செலவு: காலைச் சிற்றுண்டி, மதியம் இலை, மாலை காபி, ஒரு குழுப்படம். எல்லாம் சேர்த்து 500.

“ஒருவர் 1,500 கொடுத்தால் 500 அவர் வயிற்றுக்கே போய்விடும். மிச்சம் ஆயிரம்தான் மண்டபத்துக்கும் ஆசிரியர்களுக்கும். 72 பேர் பணம் கட்டினால் கைக்கடி இல்லை. 71 என்றால் நீயும் நானும் கையிலிருந்து போட வேண்டும்” என்றாள். அந்த 72 என்ற எண்ணை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். குழுவில் 104 பேர் இருந்தார்கள். வருவதாகக் கட்டைவிரலைத் தூக்கியவர்கள் 90 பேர். பணம் கட்டியவர்கள் 11.

அவள் கோட்டிலிருந்து இன்னொன்றும் தெளிவானது. மனைவியையோ கணவனையோ பிள்ளைகளையோ அழைத்து வருபவரிடம் அவர்களுக்கும் 1,500 கேட்டால் அநியாயம். மண்டபத்துக்கு அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். உடன் வருபவருக்கு 500 போதும். முதல் அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘குடும்பத்துடன் வருக’ என்று மட்டும் பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தேன். நான்கு பேர் உள்ள குடும்பம் 6,000 ரூபாய் என்று எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாங்கியிருக்கிறது.

‘அதற்கு மேல் தங்கள் விருப்பம்’ செய்த கெடுதல் இன்னும் பெரியது. நல்லெண்ணத்தில் ஒருவர் தினமும் இரவு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். இன்னார் 10,000, இன்னார் 5,000, இன்னார் 1,500. மூன்றாம் நாள் இரண்டு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஒருவன் முதுநகரில் மீன் ஏலம் விடும் இடத்தில் சுமை தூக்குபவன். பள்ளிக் காலத்தில் என் பக்கத்து பெஞ்ச். அழைத்துக் கேட்டேன். “தவறிப்போய் விரல் பட்டுவிட்டது” என்றான். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விரல் பட்டிருக்கிறது.

பட்டியலை நிறுத்தினோம். அறிவிப்பில் தொகை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கூடுதலாகத் தர விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் தனியாகப் பேசுவார்கள், தர முடியாதவர்களும் அவளிடமே தனியாகப் பேசுவார்கள். இரண்டுக்கும் ஒரே வரி எழுதினேன்: ‘தொகை பற்றி எது பேசுவதானாலும் பொருளாளரைத் தனியாக அழைக்கவும்.’ இயலாதோருக்குச் சலுகை உண்டு என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். அந்த வரியைப் படித்துவிட்டு யார் தொலைபேசியை எடுப்பார்கள்? இந்த வரியைப் பார்த்து அழைப்பவர் பத்தாயிரம் தரவும் அழைக்கலாம் அல்லவா.

இனி பதிவு. சொல்ல வேண்டியது அதிகம் உள்ள இடம் இதுதான்.

முதல் முறை ஒரு கூகுள் படிவம் வைத்தோம். பெயர், முகவரி, இரத்த வகை, திருமண நாள், இப்போதைய பதவி என்று பதினாறு கேள்விகள். கடைசியில் பணம் அனுப்பிய திரைப் பிடிப்பை, அதுதான் ஸ்கிரீன்ஷாட்டை, பதிவேற்றச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர் படிவம் திறக்கவே இல்லை என்றார்கள். காரணம் தெரிய நான்கு நாள் ஆனது. கோப்பு பதிவேற்றும் கேள்வி ஒன்று இருந்தால் போதும், கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் படிவம் திறக்கும். ஒருவருக்கு ஒரு பதிவுதான் என்ற கட்டுப்பாட்டைப் போட்டாலும் அப்படித்தான். மகன் வாங்கிக் கொடுத்த போனில் மகனுடைய கணக்கு, கடவுச்சொல் மகனுக்கே நினைவில்லை. அந்தக் கேள்வியையும் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்தவுடன் எல்லோருக்கும் திறந்தது.

ஸ்கிரீன்ஷாட்டை எடுத்ததில் நட்டமும் இல்லை. அது பணம் வந்ததற்கு அத்தாட்சி ஆகாது. ‘நடைமுறையில் உள்ளது’ என்று பொடி எழுத்தில் இருக்கும் படத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. மறுநாள் பணம் அவர்கள் கணக்குக்கே திரும்பியிருக்கும். வங்கிக் கணக்கில் வரவு இருந்தால்தான் பணம் வந்தது என்று பொருள்.

ஆனால் வங்கிக் கணக்கைப் பார்த்தால் வேறு தொல்லை. வரவு இருக்கும், ஆள் யாரென்று தெரியாது. 1,500, 1,500, 1,500 என்று வரிசையாக நிற்கும். பக்கத்தில் கணக்குக்காரரின் பெயர். எங்கள் வகுப்புப் பெண்களில் பலர் கணவரின் கணக்கிலிருந்து அனுப்பினார்கள். தன் கணக்கிலிருந்து அனுப்பியவர்களுக்கும் தலைப்பெழுத்து மாறியிருந்தது. பள்ளியில் அப்பாவின் எழுத்து, இப்போது கணவரின் எழுத்து. ஆண்களில் செந்தில்குமார் மூன்று பேர். யூபிஐயில் குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது, உண்மை. அதில் ‘அன்புடன்’ என்று எழுதினார்கள்.

வங்கிகளில் இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு என்று பொருளாளர் சொன்னாள். பெயரை நம்பாதே, தொகையையே பேச வை. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து அந்த எண்ணைப் பைசாவாகச் சேர்த்து அனுப்பச் சொன்னால், எந்தக் கணக்கிலிருந்து வந்தாலும் தொகையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். சரி, ஆனால் 150 பேருக்கு யார் எண் கொடுப்பது, அவர்கள் அதை எங்கே எழுதி வைப்பது?

வெள்ளி கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது அச்சகத்துக்காரன் சொன்னான். “எண்தான் எல்லோரிடமும் இருக்கிறதே. நான் ஆ பிரிவு 31. நீ 27.”

வருகைப் பதிவேட்டு எண். நான் 27தான். யோசிக்காமல் வந்தது. மனைவியின் போன் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. குழுவில் “உன் எண் என்ன?” என்று ஒரு வரி போட்டேன். அன்று இரவுக்குள் எழுபதுக்கு மேல் பதில்கள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூடப் பேசினார்கள். மறந்தவர்களுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். “நீ எனக்கு முன்னால்தான் ‘உள்ளேன் ஐயா’ சொல்வாய், எனக்கு 12, உனக்கு 11.” பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன, முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். அதனால் இடைவெளிகளையும் ஓரளவு நிரப்ப முடிந்தது. மூன்று பிரிவுகளிலும் சேர்த்து 156 எண்கள். நிரம்பாமல் நின்றவை பதினான்கு. அவற்றில் ஆறு பேர் இப்போது இல்லை என்று தெரியும். மற்ற எட்டு யாரென்றே தெரியவில்லை.

முறை இப்படி அமைந்தது. அ பிரிவுக்கு ஒரு ரூபாய், ஆ பிரிவுக்கு இரண்டு, இ பிரிவுக்கு மூன்று கூடுதல். பதிவேட்டு எண் பைசா. நான் அனுப்ப வேண்டியது 1502.27. மனைவியும் வந்தால் 2002.27. பணம் கட்ட இயலாதவர்களுக்காகக் கூடுதல் நிதியிலிருந்து பொருளாளரே அவர்கள் எண்ணைப் போட்டுச் செலுத்திவிடுவாள். வரவுத் தொகைகளை மட்டும் பார்க்கும் குழுவினருக்குக்கூட எது யார் கட்டியது என்று தெரியாது. 1503.08 என்றால் இ பிரிவு எட்டாம் எண், அவ்வளவுதான்.

சோதனைக்கு ஆறு பேரை அனுப்பச் சொன்னோம். நல்ல வேளை, சோதித்தோம். நான்காம் எண்காரர் 1501.4 என்று அடித்தார். அது 1501.40 ஆகி, நாற்பதாம் எண்காரர் கட்டியதாக ஆனது. ஒற்றை இலக்க எண் என்றால் முன்னால் சுழியம் வேண்டும் என்று அறிவிப்பில் உதாரணமே போட வேண்டும் என்று தெரிந்தது. இன்னொருவன் புள்ளியை விட்டுவிட்டு 150244 என்று அடித்திருக்கிறான். யூபிஐயில் வழக்கமான உச்சவரம்பு ஒரு லட்சம் என்பதால் தப்பித்தான். “ஒன்றரை லட்சத்துக்கு நீங்கள் என்னதான் சாப்பாடு போடுகிறீர்கள்?” என்று கேட்டான்.

பணத்தை வாங்கப் பொருளாளரும் இன்னொரு தோழனும் சேர்ந்து புதிதாகக் கூட்டுக் கணக்கு தொடங்கினார்கள். யாருடைய சம்பளக் கணக்கிலும் ஊர்ப்பணம் கலக்கக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். கியூஆர் படத்துக்குக் கீழே, ஸ்கேன் செய்தால் திரையில் எந்தப் பெயர் வரும் என்பதையும் எழுதச் சொன்னாள். ஒரே படத்தை நாலு குழுக்களில் சுற்றவிடும்போது நடுவில் எவராவது தன் கியூஆரை ஒட்டி அனுப்பினால் நமக்குத் தெரியாது. அனுப்புகிறவர் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்.

இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி. யாருக்கு இந்த அழைப்பு? முதல் அறிவிப்பில் ‘1995இல் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்ற நண்பர்களே’ என்று எழுதியிருந்தேன். தொழிற்கல்விப் பிரிவில் படித்த ஒருவன் கேட்டான், “நான் தேறியது செப்டம்பரில், இரண்டாவது முறை எழுதி. வரலாமா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான். தேர்ச்சியை எடுத்துவிட்டு ‘படித்த’ என்று போட்டேன். அதுவும் போதவில்லை. பதினொன்றில் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. 1993 செப்டம்பர் கடைசியில் தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது நாங்கள் பதினொன்றில் இருந்தோம். பிரிந்த செய்தியை அன்று வகுப்பில் கேட்டவர்களில் சிலர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இல்லை. அவர்கள் எந்த பேட்ச்? கடைசியில் வரியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினேன்.

அக்டோபர் 5 அன்று போன வாசகம் இது. தொலைபேசி எண்கள் மட்டும் இங்கே இல்லை.

“28.12.2025, ஞாயிற்றுக்கிழமை. காலை 9.30 முதல் மாலை 5 வரை. கடலூர், மஞ்சக்குப்பம். மண்டபத்துக்கு வழி படத்தில் உள்ளது.

இது திருத்திய அறிவிப்பு (05.10.2025). சனிக்கிழமை என்று உள்ள பழைய படத்தை அழித்துவிடவும்.

1993 ஜூன் முதல் 1995 மார்ச் வரை நம் பள்ளியில் பதினொன்றிலோ பன்னிரண்டிலோ ஒரு நாளாவது உட்கார்ந்த எவரும் வரலாம்.

பங்குத்தொகை: ரூ.1,500. உடன் வருபவர் ஒவ்வொருவருக்கும் ரூ.500. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. தொகை பற்றி எது பேசுவதானாலும் பொருளாளரைத் தனியாக அழைக்கவும்.

பதிவு செய்ய:
1. படிவத்தில் பள்ளிக் காலப் பெயர், பிரிவு, வருகைப் பதிவேட்டு எண், உடன் வருவோர் எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் நிரப்பவும். படிவம் திறக்கவில்லை என்றால் உங்கள் பிரிவுப் பொறுப்பாளரை அழைத்துச் சொன்னால் போதும்.
2. தொகையுடன் அ பிரிவுக்கு 1, ஆ பிரிவுக்கு 2, இ பிரிவுக்கு 3 ரூபாய் கூட்டி, உங்கள் எண்ணைப் பைசாவாகச் சேர்த்து அனுப்பவும். ஆ பிரிவு எண் 27 என்றால் 1502.27. எண் 4 என்றால் 1502.04. எண் மறந்திருந்தால் பொறுப்பாளரைக் கேட்கவும்.
3. இரண்டு நாளுக்குள் பொருளாளரிடமிருந்து ‘வந்தது’ என்று பதில் வரும். வராவிட்டால் அழைக்கவும். படம் அனுப்ப வேண்டாம்.

கடைசி நாள் டிசம்பர் 14. வர முடியாமல் போனால் டிசம்பர் 21க்குள் சொல்லுங்கள், முழுத்தொகையும் திரும்ப வரும்.”

முதல் வரியில் தேதி இருப்பதற்குக் காரணம் உண்டு. நீளமான வாசகத்தை வாட்ஸ்அப் பாதியில் வெட்டி ‘மேலும்’ என்று காட்டும். அதைத் தொட்டுப் படிக்கும் பொறுமை எங்கள் வயதில் இல்லை. படத்துக்குள் மட்டும் தேதி இருந்தால் பிறகு தேடினாலும் கிடைக்காது. எழுத்தில் இருந்தால் ‘டிசம்பர்’ என்று தேடினால் வந்து நிற்கும். திரும்பக் கொடுக்கும் நாள் 21 என்பது சமையல்காரர் சொன்னது. அதற்குள் தலைக்கணக்கு சொன்னால் காய்கறி, பால் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்வாராம். வேப்பமரம் எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதைத் தனியாக ஒரு செய்தியாக அனுப்பினேன். நாற்பது இதயங்களும் திரும்ப வந்தன.

நவம்பர் கடைசியில் 72ஐத் தாண்டினோம். பொருளாளர் அன்று குழுவில் ஒரு காபிக் கோப்பைப் படம் போட்டாள். அவள் வாழ்க்கையில் போட்ட ஒரே படம் அதுதான் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 9 அன்று அவள் என்னை அழைத்தாள். “1502.19 இரண்டு முறை வந்திருக்கிறது. உன் பிரிவு ஆள் யாரோ இரட்டையாகக் கட்டிவிட்டார். திருப்பி அனுப்பவா?” ஆ பிரிவு 19 இப்போது சென்னையில் இருக்கிறான். தனியார் நிறுவனத்தில் கணக்கு அதிகாரி, இரண்டு முறை கட்டுகிற ரகமில்லை. அழைத்தேன். ஒரு முறைதான் கட்டினேன் என்று நேரம் முதற்கொண்டு சொன்னான். இரண்டாவது வரவு ஏதோ ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து வந்திருந்தது. அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. படிவத்தைப் பார்த்தோம். அதிலும் ‘ஆ, 19’ என்று இரண்டு வரிகள். இரண்டாவது வரியில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்கு ஒரு முகம் தெரிந்தது. உயரமான பையன், கடைசி பெஞ்ச், சட்டைப் பையில் எப்போதும் நைலான் நூல்.

துறைமுகத்தில் அவன் அப்பாவுக்குப் படகு இருந்தது. 1994 பொங்கலுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. பதினொன்றின் பட்டியலில் பத்தொன்பது அவன்தான். ஆண்டின் நடுவில் பெயரை அடித்தாலும் மற்றவர்களின் எண்ணை மாற்ற மாட்டார்கள். அந்த வரி சிவப்புக் கோட்டோடு ஆண்டு முடியும் வரை இருக்கும். பன்னிரண்டில் புதுப் பதிவேடு எழுதும்போதுதான் அவனுக்குப் பின்னால் இருந்த எல்லோரும் ஓர் எண் முன்னே நகர்ந்தோம். நாங்கள் நினைவில் வைத்திருந்தது பன்னிரண்டின் எண்களை. அவனிடம் இருந்தது பதினொன்றின் எண் மட்டும்தான். அடுத்த எண் அவனுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

அழைத்தபோது மகள் எடுத்தாள். பணம் அனுப்பியவள் அவள்தான். அப்பா கடலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். “ஒரு நாளாவது உட்கார்ந்தவர் வரலாம் என்று போட்டிருந்தீர்களே. அப்பா அதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். எண் தப்பாகிவிட்டதா?” இல்லை என்றேன். மூன்று நாள் கழித்து அவனே அழைத்து, “வேறு எண் கொடுத்தால் அதையே போட்டுக்கொள்கிறேன்” என்றான். பொருளாளர் அதற்கு ஒப்பவில்லை. பெயர் அட்டை இரண்டிலும் ‘ஆ – 19’ என்றே அடிக்கச் சொன்னாள்.

28ஆம் தேதி காலையில் தூறல் இருந்தது, பத்து மணிக்கு விட்டுவிட்டது. சிற்றுண்டி முடிந்ததும் எங்கள் ஆங்கில ஆசிரியரை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பட்டியலைக் கொடுத்தோம். எண்பது வயதைத் தாண்டியவர், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு ஆ பிரிவைக் கூப்பிடத் தொடங்கினார். பதினேழு. பதினெட்டு. சில எண்களுக்குப் பதில் வராதபோது நிறுத்தாமல் அடுத்ததற்குப் போனார். “பத்தொன்பது” என்றதும் முன்வரிசையிலிருந்து ஒரு குரலும் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரலும் ஒன்றாக “உள்ளேன் ஐயா” என்றன.

அவர் பட்டியலைக் கீழே வைத்தார். முன்வரிசையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார்.

“இரண்டு பேரும் எழுந்து நில்லுங்கள். யாருடா யாருக்காகக் குரல் கொடுக்கிறது?”